கொப்புளத்தைச் சுற்றி ஒரு கோடு போடு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று லேசரில் முடி எடுத்த காலைப் படமெடுத்து அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் வார்டில் நர்ஸாக இருந்த பழக்கம் இன்னும் விடவில்லை. உன் காலில் இருப்பது ஒரே பிரச்சினை இல்லை, இரண்டு.

கெண்டைக்காலில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவந்து பொடிப்பொடியாகத் தடித்திருக்கிறதே, அதை விடு. முடியின் கருமை லேசர் ஒளியை இழுத்துச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேரைச் சுற்றி வீங்குவது இயல்புதான். சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ அமுங்கிவிடும்.

முன்னெலும்பின் மேலே இருப்பதுதான் வேறு. அங்கே புள்ளி புள்ளியாக இல்லை. கருவியின் முனை பதிந்த மாதிரி சதுரமாகச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறது. முடி மட்டுமல்ல, தோலும் வெந்திருக்கிறது. போன வாரம் வெயிலில் மலையேறிக் கறுத்து வந்தேன் என்றாயே? கறுத்த தோலில் நிறமி அதிகம். முடிக்குப் போக வேண்டிய சூட்டை அதுவே வாங்கிக்கொள்கிறது. லேசர் போடும் முன் இதை அந்த நிலையத்தார் கேட்டிருக்க வேண்டும்.

சுட்டவுடன் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்லியிருப்பேன். நேற்றே நடந்ததால் இனி அதனால் பெரிய பலன் இல்லை. ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதே, உள்ளே புதுத் தோல் வளர அதுதான் மூடி. மென்மையான சோப்பால் கழுவி, வாசலைன் தடவி, ஒட்டாத கட்டுத்துணி போட்டுத் தினமும் மாற்று. ஆறும்வரை வெயில் படக் கூடாது, இல்லாவிட்டால் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

இப்போது ஒரு பேனா எடுத்து, சிவப்பின் ஓரத்தில் கோடு போடு. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, வலி குறையாமல் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார். அந்த இடம் வெளுத்தோ கருகியோ போய், தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றாலும் உடனே போ. வலிக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதே, ஆழமாக வெந்த இடம்தான் வலிக்காது. கொப்புளம் முகத்தில் வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதே.

வாக்ஸிங், த்ரெடிங்குக்கும் இந்தக் கோடு உதவும். அவற்றில் மறுநாள் சின்னச் சின்னச் சீழ்ப் பருக்கள் வந்தால் பெரும்பாலும் மயிர்க்கால் அழற்சி. பிதுக்காமல் வெந்நீர் ஒத்தடம் போதும். ஆனால் முகப்பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் போடும் இடத்தில் வாக்ஸ் போடாதே. மேல்தோலே உரிந்து வந்துவிடும்.

லேசர் போட்ட நிலையத்துக்குப் படத்தை அனுப்பு, கருவியை எந்த அளவில் வைத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள். தோல் முழுதாக ஆறும்வரை அடுத்த முறைக்குப் போகாதே. நாளைக் காலை அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடு. சிவப்பு கோட்டுக்குள் இருந்தால் எனக்கு அனுப்பு. தாண்டியிருந்தால் எனக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கிளம்பு.

அம்மா