யூகேஜி விதை டைரியில் சிவப்பு மை போட்டதைப் பற்றி எங்க ஸ்கூல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கரஸ்பாண்டன்ட் சார், பிரின்சிபால் மேடம், வணக்கம்.

போன வாரம் யூகேஜி பி செக்ஷன்ல விதை டைரி விஷயமா நான் வந்து பேசுனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "சின்ன விஷயத்தை ஏன் பெருசு பண்றீங்க"ன்னு கேட்டீங்க. அங்க எனக்கு சரியா சொல்ல வரல, அழுகைதான் வந்துச்சு. அதான் எழுதுறேன், மத்த பேரண்ட்ஸும் படிக்கட்டும்னு பொதுவுலயே எழுதுறேன்.

நீங்க கொடுத்த ஆக்டிவிட்டி நல்ல ஆக்டிவிட்டிதான், அதுல எனக்கு குறையே இல்ல. ரெண்டு கப், ரெண்டுலயும் ஈரப்பஞ்சு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பச்சைப்பயறு. ஒரு கப் ஜன்னல்ல, ஒண்ணு இருட்டுல. ஏழு நாள் பாத்து டைரில படம் போடணும். நாங்களும் நைட்டு பயறை ஊறப்போட்டு காலைல பஞ்சுல வச்சு, ஒண்ணை ஹால் ஜன்னல்லயும் இன்னொண்ணை மர பீரோக்குள்ளயும் வச்சோம். தண்ணி மட்டும் ஸ்பூன்ல காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அதுக்கு மேல ஊத்துனா பஞ்சு நாத்தமெடுத்து பயறு அழுகிடும், மொத தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு.

அஞ்சு வயசுப் பையனுக்கு ஸ்கேல் பாக்கத் தெரியாது. அதனால பழைய நாள்காட்டி தாளை மெல்லிசா கிழிச்சு செடிக்குப் பக்கத்துல நிறுத்தி, செடி எவ்வளவு உசரமோ அந்த அளவுக்கு கத்தரிச்சு டைரில ஒட்டச் சொன்னேன். எண்ணே தெரிய வேண்டாம், நேத்து ஒட்டுனதுக்குப் பக்கத்துல இன்னைக்கு ஒட்டுனா எவ்வளவு வளந்திருக்குன்னு கண்ணுக்கே தெரியும். அவன் வாயால சொல்றதை நான் அப்படியே கீழ எழுதிடுவேன். ரெண்டாம் நாள் "வெள்ளையா வால் வந்துருக்கு". மூணாம் நாள் "கழுத்தை வளைச்சுக்கிட்டு இருக்கு". ஒரு பயறு மட்டும் முளைக்கவே இல்ல, கல்லுப்பயறு போல. அதையும் நாலு நாளா ஒரே மாதிரி உருண்டையா வரைஞ்சு "இது இன்னும் தூங்குது"ன்னு சொன்னான். ஒண்ணும் நடக்கலங்கிறதையும் தினம் பாத்துத்தானே சொல்றான் சார்.

ஏழாம் நாள் அளந்தா ஜன்னல்ல இருந்தது சுமார் ஏழு செ.மீ., பீரோக்குள்ள இருந்தது பதினாலு. சரியா ரெட்டிப்பு. வெளுத்து மஞ்சளா, நூல் மாதிரி, ஆனா உசரம். அவன் சொன்னான், "இருட்டுல இருக்கிறதுதான் பெருசு, ஆனா பச்சையா இல்ல". அதைத்தான் எழுதுனேன், ரெண்டு ஸ்ட்ரிப்பையும் அவனே ஒட்டுனான்.

அந்தப் பக்கம் திரும்பி வந்தப்ப அது மேல சிவப்பு மைல குறுக்கா ஒரு கோடு. "தவறு, திருத்தவும்". ஸ்ட்ரிப்பை பிச்சு எடுத்துட்டு அதே இடத்துல ஒரு ப்ரிண்ட் ஒட்டியிருக்கு, வெயில்ல பெரிய பச்சைச் செடி, இருட்டுல குட்டியா வாடுன செடி. க்ளாஸ்ல முப்பத்தெட்டு டைரிலயும் அதே ப்ரிண்ட்தான். அவன் என்கிட்ட வந்து கேட்டது, "அம்மா நான் தப்பா பாத்துட்டேனா?"

நீங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் மேடம் அந்தக் கேள்வியை.

அவன் தப்பா பாக்கல. பயறுக்கு மொத ஒரு வாரம் வெயிலே தேவையில்ல, சாப்பாடு அதோட பருப்புக்குள்ளயே இருக்கு. இருட்டுல மாட்டுன முளை, மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கோம்னு நெனச்சு வெளிச்சத்தைத் தேடி தண்டை மட்டும் விறுவிறுன்னு நீட்டும், வெளிச்சம் படலன்னா பச்சை பிடிக்காது. இதுக்கு சயின்ஸ் டிகிரி வேண்டாம். எங்க மாமியார் டைரியைப் பாத்துட்டு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க, "முளைப்பாரியை வெயில் படாம இருட்டு ரூம்ல தானடா வளப்போம், அதான் அப்படி மஞ்சளா உசரமா வரும்". நம்ம ஊர்ல ஒவ்வொரு அம்மன் கோயில் திருவிழாலயும் பொம்பளைங்க தலைல தூக்கிட்டுப் போறதுதான் சார் என் பையன் பீரோக்குள்ள வளத்தது, அதை நம்ம ஸ்கூல்லயே தப்புன்னு கோடு போட்டிருக்கீங்க.

நீங்க சொல்ல வந்த பாடமும் பொய் இல்ல, செடிக்கு வெளிச்சம் வேணும்தான். ஆனா அது ஏழு நாள்ல தெரியாது. நான் கப்பைத் தூக்கிப் போடல, அப்படியே விட்டேன். பத்து நாள்கிட்ட பருப்பு சுருங்கி விழ ஆரம்பிச்சுது, பதினொண்ணாம் நாள் பீரோ செடி தண்டு கொழகொழன்னு ஆகி சாஞ்சுது, பதிமூணாம் நாள் மொத்தமா படுத்துருச்சு. ஜன்னல்ல இருந்தது குட்டைதான், ஆனா ரெண்டு இலை விரிச்சு கெட்டியா நிக்குது. அவனே பாத்துட்டு சொன்னான், "இது ஓடி ஓடி களைச்சிருச்சு". இன்னும் ஆறு நாள் பொறுத்திருந்தா உங்க பாடத்தை அவனே உங்களுக்குச் சொல்லியிருப்பான், வொர்க்புக்ல ஏழு கட்டம்தான் இருக்குன்னு ஏழாம் நாளோட நிறுத்திட்டீங்க. செடிக்கு கட்டம் எத்தனைன்னு தெரியாதே மேடம்.

மிஸ் மேல எனக்கு கோவம் இல்ல. ஒத்த ஆளா முப்பத்தெட்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு, டைரி எல்லாம் ஒரே மாதிரி நீட்டா இருக்கணும்னு மேல இருந்து சொன்னா அவங்க என்னதான் பண்ணுவாங்க. சொன்னது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இது மொத தடவையும் இல்லையே. போன வருஷம் எல்கேஜில தொட்டில ஒரு தங்கமீன் இருந்துச்சே, செத்துப்போன அன்னைக்கு நைட்டே அதே கலர்ல இன்னொண்ணு வாங்கி விட்டீங்களே. மறுநாள் என் பையன் "இது வேற மீன், அதுக்கு வால்ல வெள்ளை இருக்கும்"னு சொன்னதுக்கு "அதே மீன்தான், பேசாம உக்காரு"ன்னு பதில் வந்துச்சு. தினம் ஒரு மீனை அவ்வளவு உன்னிப்பா பாத்த புள்ளைக்கு நல்ல பரிசு. அப்சர்வேஷன் ஸ்கில்லுனு ப்ரோஷர்ல போட்டு ஆக்டிவிட்டி ஃபீஸ் தனியா வாங்குறீங்க, ஆனா அப்சர்வ் பண்ணா வாயை மூடுன்னா எப்படி. ஃபீஸ் கதையை எடுத்தா இந்த லெட்டர் முடியாது, அதை விட்டுடுறேன். கொஞ்சம் ஓவரா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான். புள்ளைங்க பாத்ததை பாத்தபடி டைரில இருக்க விடுங்க. எழுத்துப் பிழை இருந்தா பக்கத்துல சரியா எழுதிக் காட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அவன் பாத்ததுல சிவப்பு மை படக்கூடாது. நம்ம நெனச்சதுக்கு மாறா வந்திருந்தா "ஏன் இப்படி வந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் பாப்போமா"ன்னு மிஸ் கேட்டா போதும். அடுத்த பேட்சுக்காவது ஏழு நாளை பதினஞ்சு நாளா ஆக்குங்க, ப்ரிண்ட் ஒட்டுறதை நிறுத்துங்க. பாத்ததை பாத்தபடி இருக்க விடுங்க, தயவுசெஞ்சு.

கிழிச்சுப் போட்ட ரெண்டு ஸ்ட்ரிப்பையும் அவன் பேக்ல இருந்து எடுத்து பத்திரமா வச்சிருக்கேன். திங்கக்கிழமை டைரியோட கொடுத்து விடுறேன். அந்த ப்ரிண்டை எடுத்துட்டு அதே இடத்துல அவன் கையாலயே மறுபடி ஒட்ட விடணும்னு பணிவோட கேட்டுக்கிறேன், கம் ஸ்கூல்ல இல்லன்னா அதையும் நானே வாங்கி அனுப்புறேன்.

இப்படிக்கு,
யூகேஜி பி செக்ஷன் மாணவன் ஒருத்தனோட அம்மா