சுவர் கோணலுக்குக் கொத்தனார் கூலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரில் சதுர அடிக் கணக்கில் பூச்சு வேலை செய்யும் கொத்தனார் நான். போன மாதம் 600 சதுர அடி உள்சுவர் பூசினேன். அடிக்கு 20 ரூபாய் வீதம் 12,000 வர வேண்டும். 'மூன்று மூட்டை சிமென்ட் வீண்' என்று 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் மேஸ்திரி.

நான் வீணாக்கவில்லை. கணக்குப் போட்டது 12 மி.மீ. கனத்துக்கு. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் நடுவில் உள்வாங்கியிருந்தது. மட்டத்துக்குக் கொண்டுவர 20 மி.மீ. பூச வேண்டியதாயிற்று. 100 சதுர அடிக்கு நாலு கன அடி பிடிக்க வேண்டிய கலவை ஆறரை பிடித்தது. செங்கல் கட்டியவர் விட்ட கோணல், பாவம், கடைசியில் பூசுகிறவன் தலையில் விழுகிறது.

கீழே சிந்துவது வேறு. அதைத் தரையில் பார்க்கலாம், பலகை போட்டுப் பிடித்தால் உடனே திரும்பப் பயன்படும். சுவருக்குள் போனதை எப்படி வீண் என்பது?

தொழிலாளியின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்தை மட்டுமே, அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமே சொன்னது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பூச்சு தொடங்குமுன் இரு தரப்பும் நூல் பிடித்து, கனத்தை அளந்து, எழுதி வைத்துக்கொள்ளத் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டும்.

– பூச்சுக் கொத்தனார், அல்சூர், பெங்களூரு