பணம் எத்தனை கை மாறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம்; அது எத்தனை கை மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே நூறு ரூபாய் நோட்டு மாதத்தில் பத்துக் கை மாறினால் ஆயிரம் ரூபாய்க்கு வியாபாரம். இரண்டாவது கையிலேயே பீரோவுக்குள் போய்விட்டால் இருநூறுதான்.

1932-ல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிற்றூரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பெருமந்தக் காலம், வேலை இல்லை, வரி பாக்கி, கையில் காசு வைத்திருந்தவர்களும் செலவழிக்கப் பயந்தார்கள். மேயர் உன்டர்குகன்பெர்கர் நகராட்சிச் சீட்டு அச்சிட்டு, தெரு வேலை செய்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் சீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு முத்திரை வில்லை வாங்கி ஒட்டினால்தான் அது செல்லும். தண்டம் அழ யாருக்கு மனசு வரும்? மாதம் முடிவதற்குள் கடைக்காரரிடமோ வரி பாக்கிக்கோ தள்ளிவிட்டார்கள். கொஞ்சம் சீட்டே நிறைய வேலையை நடத்தியது. 1933-ல் ஆஸ்திரிய மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது.

வரியாக நகராட்சியே வாங்கிக்கொண்டதால்தான் அந்தச் சீட்டை மக்கள் நம்பினார்கள் என்பது என் எண்ணம். பணம் கை மாறும் வேகம் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1923-ல் ஜெர்மனியில் தங்கள் நாணயமான மார்க்கை நம்பாமல் சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள். அச்சடித்த பணத்தோடு இந்த ஓட்டமும் சேர்ந்து விலையை இன்னும் ஏற்றிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு