400 கட்டுரைகளைச் சோதித்தால் யாராவது மாட்டத்தான் செய்வார்கள்

கல்வி ஒழுங்குக் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தின் 400 கட்டுரைகளையும் ஏஐ கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்து, சிக்குகிறவர்களை விசாரணைக்கு அழைக்கப் போகிறீர்கள். புள்ளியியல் சொல்லித்தருகிறவன் என்ற முறையில், அதற்கு முன் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

மாணவர் தானே எழுதிய கட்டுரையை மென்பொருள் தவறாகப் பிடிக்கும் வாய்ப்பு, விற்பவர் சொல்வதுபோல 1 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கட்டுரையைச் சோதித்தால் இது சின்ன ஆபத்துதான். ஆனால் 400 கட்டுரைகளும் நேர்மையாக எழுதப்பட்டவையாக இருந்தாலும், சராசரியாக 4 பேர் மாட்டுவார்கள். ஒருவர்கூட மாட்டாமல் தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 400 முறை பெருக்கிப் பாருங்கள், 0.018 வரும். அதாவது, ஒரு தவறும் செய்யாத யாரோ ஒருவராவது உங்கள் அறையில் வந்து நிற்பது 98 சதவீதம் உறுதி. யார் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே கணக்கைத்தான் போட்டது. 2022-இல் அங்கே டர்னிடின் என்ற கட்டுரை சோதிக்கும் மென்பொருள் வழியாகப் போன கட்டுரைகள் 75,000. 1 சதவீதம் என்றாலே 750 கட்டுரைகள் தவறாக முத்திரை குத்தப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்டில் அதிலிருந்த ஏஐ கண்டறியும் வசதியையே அணைத்துவிட்டார்கள்.

சரி, வரம்பை இறுக்கினால் என்ன? நானூறில் ஒரு தவறாவது நேரும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் அடக்க, போன்ஃபெரோனி முறைப்படி 0.05-ஐ 400-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு 8,000-இல் 1 என்ற அளவுக்குத் தவறு குறைய வேண்டும். அவ்வளவு இறுக்கினால், உண்மையிலேயே ஏஐ எழுதிய கட்டுரைகளில் பலவும் நழுவிப் போகும்.

"இன்னொரு மென்பொருளிலும் போட்டோம், அதுவும் அதையே சொன்னது" என்கிறார்கள். அது புதுச் சான்று ஆகிவிடாது. இவற்றில் பல, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. எளிய சொற்களில், ஒரே அச்சில் வாக்கியம் எழுதும் பிள்ளையை இரண்டுமே சந்தேகிக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியது என்றன. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்து வந்தவர்கள். அப்படியிருக்க, விற்பவர் சொல்லும் 1 சதவீதம் இவர்களுக்கும் பொருந்தும் என்று எதை வைத்து நம்புவது?

என் கோரிக்கை இதுதான். மென்பொருள் தரும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் அழைக்காதீர்கள். வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, கட்டுரையைப் பற்றி ஆசிரியரோடு பத்து நிமிடப் பேச்சு, இவற்றில் ஒன்றாவது தனியாகச் சந்தேகம் எழுப்பியிருந்தால் மட்டும் மேலே போங்கள். அப்புறம், விசாரணைக் கடிதத்தில் மொத்தம் எத்தனை கட்டுரைகள் சோதிக்கப்பட்டன, எத்தனை பிடிபட்டன என்ற இரண்டு எண்களையும் அச்சிடுங்கள். அந்த மாணவரும் பெற்றோரும் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்