முதல் விமானத்தை விட்டால் திரும்பும் டிக்கெட்டும் போகும்: சேலம் டிராவல் ஏஜென்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்து டிராவல் ஏஜென்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். சேலம்–பெங்களூரு–சிங்கப்பூர் என்று போக வர ஒரே டிக்கெட்டாகப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது இது. மலையிறங்கி காமலாபுரம் விமான நிலையம் போவதற்குப் பதில், பெங்களூருவில் தங்கையையும் பார்த்துவிடலாம் என்று முந்தின நாளே காரில் கிளம்பிவிட்டார். ஓமலூர் வழியாகத்தானே போகிறோம், பெங்களூருவில் ஏறிக்கொண்டால் என்ன என்பது அவர் கணக்கு. மறுநாள் சிங்கப்பூர் கவுன்டரில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பெண், "சார், நீங்க சேலத்துல ஏறலையே, நோ-ஷோ ஆயிடுச்சு" என்றார். சிங்கப்பூர் சீட் போயிருந்தது. பத்து நாள் கழித்து வரவேண்டிய இரண்டு விமானங்களும் போயிருந்தன. வெப் செக்-இன் செய்ததைக் காட்டினார். செக்-இன் செய்தாலும் ஏறாவிட்டால் ஏறாததுதான்.

ஒரே டிக்கெட்டில் உள்ள பயணங்களை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். முதலாவதில் ஆள் ஏறவில்லையென்றால் மீதியைக் கணினியே ரத்து செய்துவிடும். இதற்குக் காரணம் கட்டணம். சேலத்திலிருந்து சிங்கப்பூருக்கு என்று மொத்தமாகப் போட்ட விலை சில சமயம் பெங்களூருவிலிருந்து மட்டும் போவதைவிடக் குறைவாக இருக்கும். அதை வாங்கி முன்பகுதியை விட்டுவிடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஊர் திரும்பும் சீட்டையும் சேர்த்துப் பறிப்பது அதிகம்தான்.

அவர் கிளம்புமுன் உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால், சேலம் பகுதியை நீக்கி டிக்கெட்டை மாற்றித் தரக் கேட்டிருக்கலாம். கட்டணத்தைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். வித்தியாசம் கட்ட வேண்டியிருக்கும், சில சமயம் கணிசமாகவே. ஆனால் முதல் விமானம் கிளம்புமுன் இது முடிய வேண்டும்.

சேலம் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் அது நோ-ஷோ அல்ல. மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. அப்போதும் "நான் காரில் வந்துவிடுகிறேன்" என்று தானாகப் புறப்படாமல், அவர்கள் டிக்கெட்டில் மாற்றிப் பதிந்த பிறகே கிளம்பச் சொல்லுங்கள். சேலம்–பெங்களூருவைத் தனி டிக்கெட்டாக எடுத்தவருக்கு இந்த ரத்து இல்லை. ஆனால் அந்த விமானம் தாமதமாகி சிங்கப்பூர் விமானம் தவறினால் கேட்க நாதியில்லை.

இன்னொன்று. நோ-ஷோ ஆனாலும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. நீங்கள் விற்ற டிக்கெட்டுக்கும் அது உண்டு. கேட்டால்தான் தருவோம் என்று இருக்காதீர்கள், நீங்களே விண்ணப்பித்து வாங்கிக் கொடுங்கள்.

அச்சடித்துத் தரும் டிக்கெட்டின் மேல் பேனாவால் ஒரு வரி எழுதுங்கள்: "சேலத்தில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் ரத்து. திட்டம் மாறினால் கிளம்புமுன் கூப்பிடுங்கள்." பக்கத்தில் உங்கள் எண்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்