பிரிக்காத குப்பையைக் கொட்டகைக்குள் கொட்டாதீர்கள்: ஊராட்சி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி நிர்வாகத்தினருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். நம் ஊரின் குப்பைப் பிரிப்புக் கொட்டகையை மூன்று ஆண்டுகளாக நடத்திவரும் மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளர் எழுதுகிறேன். சென்ற திங்கட்கிழமை காலை கொட்டகையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுச் சந்தையின் குப்பையும் கல்யாண மண்டபத்தின் குப்பையும் ஒரே டிராக்டரில் ஏற்றப்பட்டு வந்தன. வேண்டாம் என்று நாங்கள் தடுத்தும், நாங்கள் நின்று வேலை செய்யும் தரையிலேயே அவை கவிழ்க்கப்பட்டன. சாம்பார் ஊறிய இலை, அழுகிய தக்காளி, தண்ணீர்ப் பாட்டில், அட்டைப்பெட்டி, குழந்தைகளின் டயபர் எல்லாம் ஒரே குவியல். மூன்று நாட்கள் கழித்து உங்களிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. கொட்டகையின் வருமானம் குறைந்துவிட்டது, பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க நேரிடும் என்று அதில் எழுதியிருந்தது. காரணம், அந்த டிராக்டரில் வந்ததுபோல் கலந்து வரும் குப்பைதான். அதைத்தான் இந்த மடலில் விளக்குகிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: பிரிக்காத குப்பையைக் கொட்டகைக்குள் கொட்டாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை, குவியலைக் கையால் கிளறிக்கொண்டிருந்த எங்கள் குழுவின் மூத்த அக்கா ஒருவரின் விரலில் ஊசி ஏறியது. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி. கையுறை போட்டிருந்தார். நீங்கள் கொடுத்த ரப்பர் கையுறை கண்ணாடிக் கீறலுக்கே தாங்காது, ஊசியை எப்படித் தடுக்கும்? அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். யாருடைய ஊசி என்று மருத்துவர் கேட்டார். எங்களிடம் என்ன பதில் இருக்கிறது? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும், மாதங்கள் கழித்தும் இரத்தப் பரிசோதனை உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மாத்திரையால் அவருக்கு வாய்க்குச் சோறு இறங்கவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் பேரக்குழந்தையைத் தூக்க மறுக்கிறார். தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. குழந்தை கைநீட்டி அழும்போது திண்ணையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

பிரித்து வரும் குப்பையில் ஊசியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. உலர்ந்த குப்பையில் ஊசி கண்ணுக்குத் தெரியும், கம்பிவலை மேசையில் விழும்போது சத்தமும் கேட்கும். இடுக்கியால் எடுத்து மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடுவோம். மூன்று ஆண்டுகளில் இப்படி எடுத்த ஊசிகளுக்குக் கணக்கில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சோற்றோடும் குழம்போடும் பிசைந்து வந்த குப்பையில்தான் ஊசி ஒளிந்துகொள்கிறது. பயன்படுத்திய ஊசிகளை வீட்டு அபாயக் கழிவு என்று தனியே ஒதுக்க வேண்டும், குப்பையை உண்டாக்குகிறவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. மண்டபத்துக்கும் சந்தைக்கும் அந்த விதி பொருந்தாதா?

வருமானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொட்டகை எப்படி ஓடுகிறது என்பதைச் சொன்னால்தான் அந்தக் கணக்கு விளங்கும்.

நாங்கள் ஏழு பேர். காலை ஏழு மணிக்குத் தூய்மைக் காவலர்களின் வண்டிகள் வரத் தொடங்கும். வாசலில் தராசுக்கு ஒருவர். எந்தத் தெரு, எத்தனை கிலோ, ஈரம் கலந்திருக்கிறதா என்று நோட்டில் எழுதுவது அவருடைய வேலை. இந்த நோட்டுதான் எங்களுக்குக் கண். ஒரு தெருவிலிருந்து தொடர்ந்து கலந்த குப்பை வந்தால், அந்தத் தெருவின் காவலரிடம் சொல்லிவிடுவோம். மறுநாள் அவர் அந்த வீட்டு வாசலிலேயே நின்று பேசுவார். இப்படித்தான் முதலாம் ஆண்டில் பாதிக்கு மேல் கலந்து வந்த குப்பை, இன்று ஒன்றிரண்டு தெருக்களோடு நிற்கிறது.

மக்கும் குப்பை கொட்டகைக்குள் நுழைவதே இல்லை. நேரே பின்புறத்து எருக்குழிகளுக்குப் போகிறது. அங்கே ஒருவர் சாணக் கரைசல் தெளிப்பதும், கிளறிவிடுவதும், இரண்டு மாதம் கழித்துச் சலிப்பதுமாக இருக்கிறார். உலர்ந்த குப்பை கம்பிவலை மேசைக்கு வரும். மண்ணும் முடியும் வலை வழியே கீழே விழ, அங்கே நிற்கும் இருவர் அட்டை, பாட்டில், தகரம், கண்ணாடி ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுவார்கள். மிச்சம் இரண்டாம் மேசைக்குப் போகும். அங்கேயும் இருவர். கடைசி ஆள் சாக்கில் மிதித்துக் கட்டி எடை போட்டு அடுக்குவார். வாரந்தோறும் இடம் மாறிக்கொள்வோம். டயபரும் நாப்கினும் வந்து விழும் முதல் மேசையிலேயே ஒருவரை நிறுத்திவைத்தால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார் என்பதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் மேசை மட்டும் இந்தச் சுற்றுக்கு விதிவிலக்கு. அங்குள்ள இருவரில் ஒருவர் எப்போதும் அனுபவசாலியாக இருக்க வேண்டும். ஊசி குத்திய அக்காவின் இடம் அதுதான். வெள்ளிநிற உட்புறமுள்ள சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினால் விரிந்துகொள்ளும், விலை கிடையாது. பால் கவர் அப்படியல்ல. அலசிக் கொடியில் காயப்போட்டால் நல்ல விலை. ஒரு துண்டு பிளாஸ்டிக் எதுவென்று சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போடுவார். பெட் பாட்டில் துண்டு மூழ்கும், பக்கெட், குடம், டப்பா வகைகள் மிதக்கும். பெட் சாக்குக்குள் வேறு வகை பிளாஸ்டிக் சேர்ந்திருப்பதை வியாபாரி பார்த்துவிட்டால் சாக்கு முழுவதற்கும் விலையைக் குறைப்பார். இவற்றையெல்லாம் நாங்கள் அந்த அக்காவிடம்தான் கற்றோம். இன்று அந்த மேசையில் அவருடைய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கலப்புக் குப்பை வராத ஒரு மாதத்தை எங்கள் நோட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். காகிதமும் அட்டையும் 700 கிலோ, கிலோ 8 ரூபாய் வீதம் 5,600. பெட் பாட்டில், பால் கவர், கட்டிப் பிளாஸ்டிக், தகரம், மெல்லிய கவர் எல்லாம் சேர்ந்து 13,860. ஆக 19,460 ரூபாய். வண்டி வாடகை, சாக்கு, கையுறை, மின்சாரம் என்று 3,500 போனால் மிஞ்சுவது 15,960. ஏழு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 2,280. மாதம் 26 நாள் வேலை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 88 ரூபாய். எந்தக் குறையும் இல்லாத மாதத்திலேயே இதுதான் நிலை.

சந்தைக் குப்பை உள்ளே வரத் தொடங்கிய மாதத்தில் அதே 700 கிலோ அட்டையில் 250 கிலோதான் காய்ந்ததாக விற்றது. கிடைத்தது 2,000 ரூபாய். மீதியை வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லிவிட்டார். ஈர அட்டை எடை காட்டும், காகித ஆலை அந்த எடைக்குப் பணம் தராது, அவர் மேல் குற்றமில்லை. பால் கவரில் குழம்புக் கறை படிந்து அதுவும் மெல்லிய கவர் விலைக்குப் போனது. எருக்குழியிலோ நேர்மாறான கேடு. சலித்த எருவில் கண்ணாடிச் சில்லு இருந்ததால், தவறாமல் வாங்கும் விவசாயி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். நீங்கள் கேட்ட காரணம் இதுதான். பிரிக்காத குப்பையைக் கொட்டகைக்குள் கொட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

ஒப்பந்ததாரர் வந்தால் என்ன செய்வார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். விற்பனை வருமானத்தை மட்டும் நம்பி வருபவர் விலையுள்ள பாட்டிலையும் தகரத்தையும் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டையும் டயபரையும் யார் பார்ப்பார்கள்? ஏரிக்கரையில் முன்பு எரிந்ததுபோல் மீண்டும் எரியும். விற்காத பொருளையும் பிரித்துக் கட்டி, சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிக்காக அடுக்கி வைப்பதும் எங்கள் வேலைதான், அதற்கு யாரும் விலை தருவதில்லை. கேரளத்தில் வீடுகளில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே வேலைக்குத்தான் கூலி, பாட்டிலுக்கு அல்ல. நம் ஊரில் 1,100 வீடுகள். வீட்டுக்கு 30 ரூபாய் என்று ஊராட்சி தீர்மானித்து, பாதி வீடுகள் கொடுத்தாலே மாதம் 16,500 ரூபாய், எங்கள் பங்கு இரட்டிப்பாகும். இதை மூன்று கிராம சபைகளில் மனுவாகக் கொடுத்தோம். மூன்று முறையும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். பெண்கள் செய்தால் சேவை, ஆண்கள் எடுத்தால் ஒப்பந்தம் என்று ஆகிவிட்டது. குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, சோப்பு நாங்கள் வாங்குகிறோம். பரிசளிப்பு விழாவில் எங்களை மேடையேற்றிப் படம் எடுத்தவர்கள், மேடையிலிருந்து இறங்கியதும் எங்கள் மனுவை ஏன் படிக்கவில்லை?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, மன்னியுங்கள். இவற்றைப் பிறகு பேசலாம். இப்போது கேட்பது அதிகம் செலவாகாத ஒன்று. சந்தையில் காய்கறிக் கடை வரிசையின் இரு முனைகளிலும் மக்கும் குப்பைக்கென்று ஒரு பீப்பாய் வையுங்கள். அதிலிருப்பது நேரே எருக்குழிக்கு வரட்டும். அட்டைப்பெட்டிகளைக் கடைக்காரர்களே மடித்துக் கட்டித் தரட்டும். சந்தை வசூல் எடுப்பவர் சொன்னால் கேட்பார்கள். மண்டபத்துக்கு வாடகை ரசீது போடும்போதே, பிரித்துக் கொடுக்காத குப்பை எடுக்கப்படமாட்டாது என்று எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் குழுவிலிருந்து இருவர் சந்தையில் நின்று சொல்லிக்கொடுக்கிறோம். அதற்குக் கூலி கேட்கமாட்டோம்.

ஊசி குத்திய அக்காவின் மருத்துவச் செலவையும், அவர் வர முடியாத நாட்களின் பங்கையும் ஊராட்சி ஏற்க வேண்டும் என்று எங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சந்தை கூடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் ஆறு பேரும் கொட்டகை வாசலில் தராசோடு நிற்போம். பிரித்து வரும் வண்டிகளை எடை போட்டு உள்ளே விடுவோம். பிரிக்காத டிராக்டரை, தயவுசெய்து, அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழுவினர் சார்பாக,
செயலாளர்