அந்தக் குண்டு டி.வி. இங்கேயேதான் இருக்கும்

அன்புள்ள கண்ணா,

மாடியறையில் கிடக்கிற அந்தக் குண்டு டி.வி.யைத் தூக்கிப் போடச் சொல்லி மூன்று தடவை ஃபோனில் சொல்லிவிட்டாய். போடப் போவதில்லை. காரணத்தை ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை டோட் வந்திருந்தாள். சின்ன வயதில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான். 'மரியோ கார்ட் 64' என்ற கார்ப் பந்தய வீடியோ கேமில் உள்ள எட்டுப் பேரில் எப்போதும் அந்தக் காளான் தலைக்காரனைத்தான் எடுப்பாள். அவன் பெயரே அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் பௌசர், அந்தப் பெரிய ஆமை. அவள் வண்டி லேசு, சட்டென்று வேகமெடுக்கும். என் வண்டி கனம், கிளம்ப நேரமாகும், ஆனால் இடித்தால் அவள்தான் தெறித்துப் போவாள்.

1998-இல் எங்களுக்கு 15 வயது. ஒரே திரை, நடுவில் குறுக்கே ஒரு கோடு. முதல் கன்ட்ரோலர் பிடித்தவளுக்கு மேல் பாதி, மற்றவளுக்குக் கீழ்ப் பாதி. என் மேல் எறிய அவள் கையில் என்ன ஆமை ஓடு இருக்கிறது, எங்கே வாழைப்பழத் தோலைப் போடப் போகிறாள் என்பதெல்லாம் நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே ஒரு அட்டையை வெட்டி டி.வி.யின் நடுவில் அலமாரிப் பலகை மாதிரி ஒட்டினோம். கொஞ்சம் எக்கிப் பார்த்தால் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே ஒட்டிவைத்தோம். கடைசியில் சண்டை வந்ததும் அதனால்தான். "நீ என் பாதியைப் பார்த்துத்தான் ஜெயிக்கிறாய்" என்றேன். அடுத்த வாரம் அவர்கள் வீடு மாறிப் போனார்கள். அவளுடைய கேம் கேசட் என்னிடமே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க நான் போகவில்லை. அது இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

நீ பரணிலிருந்து பழைய கேம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகுதான் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "உன் கேசட் என்கிட்ட இருக்கு" என்பதுதான் நான் சொன்ன முதல் வார்த்தை. "ஓடுதா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை அவள் வந்ததும் முதலில் கூடத்துப் புது டி.வி.யில் மாட்டினோம். படம் வந்தது, ஆனால் எதுவும் சரியாக அமையவில்லை. பந்தயம் தொடங்கும்போது இரண்டு சிவப்பு விளக்கு, அப்புறம் நீலம். நீலம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்தினால் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும், அவசரப்பட்டால் சுழன்று நின்றுவிடும். அந்தக் கணம் எங்கள் விரலுக்கு மனப்பாடம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. வளைவில் திருப்பினால் சுவரில் போய் மோதுகிறோம். "வயசாயிடுச்சுடி" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பட்டனை அழுத்தும் சத்தம் காதில் விழுந்த பிறகு, சற்றுத் தாமதித்துத்தான் திரையில் வண்டி துள்ளியது. புது டி.வி. பழைய படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்கப்புறம்தான் காட்டுகிறது. அதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு போனாலே இந்த ஆட்டத்துக்கு அதிகம். செட்டிங்ஸில் 'கேம் மோட்' போட்டேன், கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை. குண்டு டி.வி. அப்படி எதையும் செய்யாது, வந்த படத்தை வந்த கையோடு வரைந்துவிடும்.

இரண்டு பேருமாக மாடிக்கு ஏறி, பெட்டியை அந்த டி.வி.யில் மாட்டினோம். முதல் ஆட்டம், இரண்டாவது சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டைவிரல் தானாக அழுந்தியது. இரண்டு வண்டியும் ஒன்றாகச் சீறிக் கிளம்பின! அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டிகள் ஓரமாகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன.

அப்புறம் டைம் ட்ரையல் சாதனைப் பட்டியலைத் திறந்தோம். லூயிஜி ரேஸ்வே என்ற தடத்தில் முதல் இடத்தில் டோட் பெயர், அந்தக் காலத்தில் அவள் ஓட்டிய அதே நேரத்தோடு அப்படியே இருந்தது. சில பழைய கேசட்டில் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் பதிவும் போய்விடும். இது பேட்டரி இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் சிப். நான் அவளோடு பேசாமல் இருந்த வருஷங்கள் முழுக்க அவள் பெயர் அதிலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உன் பாதியை நான் பார்த்தது நிஜம்தான்" என்றாள். "நீ எவ்வளவு பின்னாடி வரேன்னு பார்ப்பேன். ரொம்பப் பின்தங்கிட்டா உனக்கு ஆட்டம் பிடிக்காமப் போயிடும்."

கேசட்டைக் கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த மாதம் திரும்ப வருகிறாள். அந்த வாரம் நீயும் இங்கே இருக்கப் பார். இரண்டாவது கன்ட்ரோலரின் குச்சி தேய்ந்து ஆடுகிறது, சுற்றிலும் வெள்ளைத் தூளாக உதிர்ந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சரிசெய்ய உன் கைதான் வேண்டும்.

அன்புடன்,
அம்மா